மொபைல் எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றும் போர்ட் கோரிக்கையை நிராகரிப்பது யார்?

"பழைய கம்பெனிக்காரன் வேணும்னேதான் ரிஜெக்ட் பண்றான். பில் பாக்கியெல்லாம் சும்மா சாக்கு" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்.

இது சரியில்லை. 2019 டிசம்பரிலிருந்து, போர்ட் செய்யத் தேவையான யுபிசி என்ற குறியீட்டை உருவாக்குவது பழைய கம்பெனி அல்ல, இடையில் இருக்கும் போர்ட்டிங் நிறுவனம். நீங்கள் 1900-க்கு PORT என்று உங்கள் மொபைல் எண்ணோடு அனுப்பியதும், அது பழைய கம்பெனியின் பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால்தான் யுபிசி வரும்.

பில் பாக்கி சாக்கும் இல்லை. போஸ்ட்பெய்டில் 3-ஆம் தேதி பில் வந்துவிட்டது, கட்டாமல் 10-ஆம் தேதி எஸ்எம்எஸ் அனுப்புகிறீர்கள் என்றால் யுபிசி வராது. 4 முதல் 10 வரை பேசியதற்கு இன்னும் பில் போடவில்லை, அது தடையாகாது. ஆனால் அந்தக் கடைசி பில் பின்னால் வரும். கட்டாமல் விட்டால் பழைய கம்பெனி புகார் கொடுத்து, புது இடத்திலேயே சேவையை நிறுத்த வைக்கலாம். அதனால் "போர்ட் ஆனதும் தப்பிச்சிடலாம்" என்று மேலே ஒருவர் சொன்னதை நம்ப வேண்டாம்.

போர்ட் செய்ய சிம் வாங்கி 90 நாள் ஆகணும் என்று எழுதிய நண்பர் சொன்னது பாதி சரி. ஏற்கெனவே போர்ட் செய்த எண்ணுக்கு அந்த 90 நாள் கடைசி போர்ட்டிலிருந்து தொடங்கும், சிம் எத்தனை வருடம் பழையதானாலும்.

போன் தொலைந்து புது சிம் வாங்கியபின் போர்ட் மறுக்கப்பட்ட அக்காவுக்கு: உங்களுடையது வேறு விஷயம். 2024 ஜூலையிலிருந்து, சிம் மாற்றி 7 நாள் ஆகாமல் யுபிசி கிடைக்காது. அதற்குப் பிறகும் மறுத்தால், மறுப்பு எஸ்எம்எஸ்ஸில் என்ன காரணம் போட்டிருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.