வண்டி வழுக்கவில்லை, கதவு திறந்தது

இடது கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருக்கிறது. டெலிவரிக்காக பைக்கில் போனபோது, நின்றிருந்த ஒரு காரின் கதவு திறந்து என் வண்டியில் பட்டு, நான் விழுந்து ஆறு நாள் ஆகிறது. வலியைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன், கம்பெனி அனுப்பிய அந்தப் படிவத்தைத்தான் தாங்க முடியவில்லை.

சாலையில் உட்கார்ந்தபடியே டீம் லீடருக்கு ஃபோன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, ஆர்டர் கையில இருக்கா?" சரி, அது அவர் பிழைப்பு, போகட்டும். மறுநாள் ஆப்பில் விபத்துப் படிவம் வந்தது. "விபத்துக்கான காரணம்" என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க நான்கே நான்கு: ரைடரின் கவனக்குறைவு, வாகனக் கோளாறு, மழை அல்லது மோசமான சாலை, மற்றவை. இன்னொருவர் செய்த வேலையால் ஒரு ரைடர் விழுவது உலகத்தில் நடக்கவே நடக்காது போலிருக்கிறது! "மற்றவை"யைத் தொட்டால் 150 எழுத்துக்கு ஒரு பெட்டி திறக்கிறது. அதிலும் கொம்பு, சுழி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணிக் கழிக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டு வரி முடிவதற்குள் பெட்டி நிரம்பிவிடும்.

"வண்டி வழுக்கிடுச்சுன்னு போட்டு அனுப்புங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார் டீம் லீடர். யாருக்கு சீக்கிரம் முடியும்? வழுக்கியது என்று நான் கையெழுத்துப் போட்ட நொடியில் அந்த விபத்தில் இன்னொரு வண்டியே இல்லை. கார்க்காரரின் காப்பீட்டிடம் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. பிறகு ஞாபகம் வந்து "இல்லை, கதவு திறந்தது" என்றால், பணத்துக்காகக் கதையை மாற்றுகிறான் என்பார்கள். முதலில் எழுதியதுதான் நிற்கும், அடுத்து எழுதுவதையெல்லாம் அதோடு ஒட்டிப் பார்ப்பார்கள்.

என் மீதும் தப்பு இருக்கிறது. நானே முதலில் எழுதிய வரி இது: "கண் இமைக்கும் நேரத்தில் காரின் மீது மோதிவிட்டேன்." என் மனைவிதான் படித்துவிட்டு, "நீங்க மோதினீங்களா, கதவு வந்து பட்டுச்சா?" என்று கேட்டாள். அப்போதுதான் உறைத்தது. "மோதினேன்" என்றாலே செய்தவன் நான். "மோதிவிட்டேன்" என்றால் செய்துவிட்டு வருந்துகிறவனும் நான். "கண் இமைக்கும் நேரத்தில்" என்பதைக் கிளெய்ம் பார்ப்பவர் "இவன் முன்னால் பார்க்கவே இல்லை" என்று படிப்பார். யார் மீது தப்பு என்று முடிவு சொல்வது என் வேலை இல்லை. பார்த்தது, செய்தது, பட்ட இடம், இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. அதனால் எல்லாவற்றையும் அடித்துவிட்டு இப்படி எழுதினேன்:

"மாலை 7.21-க்கு ஆர்டரை ஏற்றேன். 7.34-க்குக் கடையில் பொருளை வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர் முகவரிக்குக் கிளம்பினேன். சாலை நேரானது, மழை இல்லை, தெருவிளக்கும் என் வண்டியின் முன்விளக்கும் எரிந்தன. இடது ஓரத்தில் கார்கள் வரிசையாக நின்றிருந்தன. வலது பக்கம் ஒரு பேருந்து என்னோடு இணையாக வந்துகொண்டிருந்தது. சுமார் 7.42-க்கு, நின்றிருந்த ஒரு வெள்ளைக் காரின் சாலைப் பக்க முன்கதவு திறந்தது. அப்போது கதவுக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஏறத்தாழ ஒரு பைக்கின் நீளமே இருந்தது. ஹேண்டில்பாரின் இடது முனை கதவின் விளிம்பில் பட்டது. வண்டி வலது பக்கம் சாய்ந்தது, நான் வலது கையை ஊன்றி விழுந்தேன். பிரேக் பிடித்தேனா என்று நினைவில்லை. ஸ்பீடோமீட்டரைப் பார்க்கவில்லை, முன்னால் போன வண்டிகளின் வேகத்திலேயே போனேன். ஃபோன் ஹோல்டரில் இருந்தது, கடையிலிருந்து கிளம்பிய பிறகு அதைத் தொடவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தேன். ஓட்டுநர் கதவைத் திறக்கும் முன் கண்ணாடியைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது."

இதைப் படித்துவிட்டு டீம் லீடர் கேட்கிறார்: "பிரேக் பிடிச்சதா நினைவில்லைன்னு எழுதினா உங்களுக்குத்தானே பாதகம்?" சார், கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றே வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல். ஒரு பைக்கின் நீளம் சுமார் 2 மீட்டர். அதைக் கடக்கக் கால் நொடிதான் ஆகும். கண் பார்த்து, மூளைக்கு எட்டி, விரல் லீவரை அழுத்துவதற்கே பொதுவாக ஒரு நொடி வரை போய்விடும். நான் வீரமாக "உடனே பிரேக் பிடித்தேன்" என்று எழுதினால் அதுதான் பொய்யாகத் தெரியும். கதவின் அகலத்துக்காவது தள்ளிப் போயிருக்க வேண்டாமா என்று கேட்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். அதனால்தான் பேருந்தை எழுதினேன். தள்ளிப் போக இடம் இல்லை என்று நான் வாதாடவில்லை, இருந்ததைச் சொன்னேன்.

கார்க்காரர் இப்போது, கதவு மூடித்தான் இருந்தது, நான்தான் உரசிக்கொண்டு போனேன் என்கிறாராம். நல்லவேளை, பக்கத்தில் நின்ற ஒரு பையன் வண்டிகளை நகர்த்தும் முன்பே நான்கு படம் எடுத்திருந்தான். மூடிய கதவை உரசியிருந்தால் கோடு கதவின் வெளிப்பரப்பில் நீளமாக ஓடியிருக்கும். படத்தில் அடி இருப்பது கதவின் பின்விளிம்பில், மூடினால் காரின் உடம்போடு சேர்ந்துவிடும் அந்த ஓரத்தில். தகடு முன்பக்கமாக மடங்கியிருக்கிறது. மூடிய கதவில் அந்த இடத்தில் எப்படி அடி விழும்? அந்தப் பையனுக்குக் கோடி புண்ணியம்.

இன்னொரு கூத்து மருத்துவமனையில். என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நல்ல மனிதர், ஆனால் விபத்தைப் பார்த்தவர் இல்லை. அவசரப் பிரிவில் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு "பைக்ல வழுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லியிருக்கிறார். அதை அப்படியே சீட்டில் எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. காப்பீட்டுக்காரர்கள் முதலில் புரட்டுவது அந்தச் சீட்டைத்தானே! மறுநாளே போய் நின்றேன். பழைய வரியை அழிக்க மாட்டோம் என்றார்கள், அழிக்கவும் கூடாது. அதன் கீழே தேதி போட்டு, முதல் தகவலைச் சொன்னவர் உடன் வந்தவர், நோயாளி சொல்வது இது என்று சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மூன்று மணி நேரம், ஒரு கையோடு.

அப்புறம் ஆப். 7.49-க்கு என் ஆர்டரை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, என் பக்கத்தில் "ரைடர் ரத்து செய்தார்" என்று காட்டுகிறது. நானா ரத்து செய்தேன்? ஆர்டர் கையில் இருந்தால் ஒரு காப்பீடு, ஆப்பை மூடியிருந்தால் ஒன்றுமே இல்லை என்று வைத்திருக்கும் இடத்தில் இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய ஓட்டை! என் சொந்த வண்டியின் பாலிசியோ வாடகை வேலைக்குச் செல்லாது என்கிறது. அன்று இரவே ஆர்டர் விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தது என் அதிர்ஷ்டம், மறுநாள் காலை "விசாரணை முடியும் வரை" என்று கணக்கையே முடக்கிவிட்டார்கள்.

அடிபட்ட இடம் பற்றிய கேள்விக்கு "மணிக்கட்டு மட்டும்" என்று போடச் சொன்னார்கள். மூன்றாம் நாள்தான் கழுத்து பிடித்துக்கொண்டது. "இன்றுவரை தெரிந்தவை: வலது மணிக்கட்டு எலும்பு முறிவு, கழுத்து வலி, சிகிச்சை தொடர்கிறது" என்று எழுதினேன்.

எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பி, எனக்கும் ஒரு நகல் போட்டுக்கொண்டேன். இன்று காலை பதில் வந்தது: இதையே படிவத்தில் 150 எழுத்துக்குள் சுருக்கித் தர முடியுமா என்று கேட்கிறார்கள். "மற்றவை"யைத் தேர்ந்தெடுத்து, "கார்க் கதவு திறந்து என் வண்டியில் பட்டது. முழு விவரம் மின்னஞ்சலில்" என்று போட்டேன். அதற்கு இடம் போதுமானதாக இருந்தது.