ஏஜென்சி அனுப்பிய மெயிலில் நாம் படிக்காமல் விட்ட வரி

எங்கள் குடியிருப்பு ஓ.எம்.ஆரில் இருக்கிறது. 420 வீடுகள். வீட்டுக்கு வெளியே நடக்கிற வேலை எல்லாவற்றையும் ஒரே ஏஜென்சியின் ஆட்கள்தான் பார்க்கிறார்கள்: 28 பேர் ஹவுஸ்கீப்பிங், 24 பேர் செக்யூரிட்டி. நான் சங்கத்தின் பொருளாளர். சென்ற ஆண்டு மார்ச்சில் அந்த ஏஜென்சியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. இந்த மார்ச்சிலும் ஒன்று வந்திருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் எழுதும் முன், முதலாவதை நாங்கள் என்ன செய்தோம் என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் பஞ்சப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1-ஆம் தேதி மாறும். அதனால் மார்ச் மாதத்தில் எல்லா ஏஜென்சிகளும் எல்லாச் சங்கங்களுக்கும் 'ரேட் ரிவிஷன்' மெயில் அனுப்புவது வழக்கம். எங்களுக்கு வந்ததும் அதுதான். ஹவுஸ்கீப்பிங் ஆளுக்கு மாதம் 18,500 ரூபாய் கேட்டிருந்தார்கள், ஜி.எஸ்.டி. தனி. கூடவே ஒரு பக்கத்தில் செலவுப் பிரிப்பும் இருந்தது. கணக்கு எளிதாக இருக்க எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கிச் சொல்கிறேன்.

அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000. அதாவது 26 நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 500. அதன் மேல் முதலாளி பங்காக பி.எஃப்., அதன் நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம், 1,690 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 423 ரூபாய். போனஸ் 8.33 சதவீதம், 1,083 ரூபாய். ஆக மொத்தம் 16,196. இதுவரை ஏஜென்சியின் கையில் ஒரு பைசா நிற்கவில்லை. விடுப்புச் சம்பளம், கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது, யூனிஃபார்ம், ஷூ இதெல்லாம் ஒரு ஆயிரம். அவர்களின் அலுவலகச் செலவும் லாபமும் 1,300 சொச்சம். இப்படித்தான் 18,500 வந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? கீழே இருந்த மொத்தத்தை மட்டும் பார்த்தோம். 'பழைய ரேட்டிலிருந்து இவ்வளவா?' என்று கேட்டோம். வேறு இரண்டு ஏஜென்சிகளிடம் கொட்டேஷன் வாங்கி அதைக் காட்டிப் பேரம் பேசினோம். கடைசியில் 16,500-க்கு முடித்தோம். செக்யூரிட்டி ரேட்டிலும் அதேபோல் ஆளுக்கு 2,000 குறைத்தோம். கமிட்டியில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

16,500-இல் 16,196 போனால் மீதி 304 ரூபாய். அந்த 304-இல் யூனிஃபார்ம், விடுப்பு, சூப்பர்வைசர், அலுவலகம், லாபம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. இதை ஒரு நிமிடம் ஒதுக்கிக் கழித்துப் பார்த்திருந்தாலே புரிந்திருக்கும். அதைவிட, அந்த மெயிலிலேயே ஒரு வரி இருந்தது. இந்தத் தொகைக்குக் கீழே போனால் சட்டப்படி கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகைகளை முழுதாகக் கட்ட முடியாது என்று எழுதியிருந்தார்கள். அதைப் பேரத்துக்காகச் சொல்கிற மிரட்டல் என்று எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பி பிளாக்கைப் பெருக்கித் துடைக்கிற அக்கா ஒருவர், இந்த பிப்ரவரியில் அவர் வீட்டுக் குழாயடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இ.எஸ்.ஐ.யில் மருத்துவம் கிடைத்தது, கட்டு போட்டார்கள். மூன்று மாதம் வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சான்றிதழும் கொடுத்தார். இந்த மாதிரி நேரத்தில் இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை உண்டு. கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. நாளுக்கு 500 வாங்குகிறவருக்கு 350 ரூபாய். 91 நாளுக்குக் கணக்குப் போட்டால் 31,850 ரூபாய். கிளை அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

காரணம், நாள் கணக்கு. இந்த உதவித்தொகைக்கு ஆறு மாதக் காலம் ஒன்றில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தா, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வருகிற நோய்க்குப் பயன்படும். பிப்ரவரியில் விழுந்த அக்காவுக்குப் பார்க்க வேண்டியது அந்த ஏப்ரல்–செப்டம்பர் கணக்கு. அந்த ஆறு மாதமும் அவர் மாதம் 26 நாள் வந்திருக்கிறார், மொத்தம் 156 நாள். ஏஜென்சி காட்டியிருந்ததோ மாதம் 12 நாள். ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு. ஆறு நாள் குறைவு.

கையில் கட்டோடு அலுவலகத்துக்கு வந்து, "சார், நான் லீவே போட்டதில்லையே" என்று நின்றார். அவர் போனில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரி மூன்று எண்கள்: ஊழியர் பங்கு 720, முதலாளி பங்கு 220, பென்ஷன் 500. 13,000-க்கு 12 சதவீதம் என்றால் 1,560 இருக்க வேண்டும். 720 என்பது 6,000-த்தின் 12 சதவீதம். 6,000 என்பது 12 நாள் கூலி. அந்தப் பாஸ்புக்கைப் பார்த்த நிமிடத்திலேயே எல்லாம் தெரிந்துபோனது.

பிறகு ஏஜென்சியிடம் மாதாந்திர பி.எஃப். ரிட்டர்னைக் கேட்டு வாங்கினோம். அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே NCP Days என்று ஒரு பத்தி இருக்கும். சம்பளமில்லாமல் வேலைக்கு வராத நாட்கள் அதில் வரும். அக்காவின் பெயருக்கு நேரே, ஏப்ரல் மாதத்துக்கு, 18 என்று இருந்தது. எங்கள் கேட்டில் இருக்கும் வருகைப் பதிவேட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அதே மாதத்தில் அவர் பெயருக்கு 26 கையெழுத்து. ஒன்று சற்றுக் கோணலாக, மழையில் நனைந்த பக்கத்தில், ஆனால் தெளிவாக இருந்தது.

இதில் இன்னொரு வருத்தம் உண்டு. சம்பளப் பிடித்தம் குறைந்ததால் அவருக்குக் கையில் மாதம் எண்ணூற்றுத் தொண்ணூறு ரூபாய் போலக் கூடுதலாக வந்திருக்கிறது. அதனால் அவருக்கோ மற்றவர்களுக்கோ சந்தேகமே வரவில்லை. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உதவுகிற பணம், யார் கேள்வி கேட்பார்கள்?

ஏஜென்சி செய்தது தவறு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 28 பேருக்கும் விடுபட்ட தொகையைக் கட்டச் சொல்லி எழுத்தில் கொடுத்திருக்கிறோம். சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டிய நாளும் கணக்கில் சேரும் என்பதால், வருகைப் பதிவேட்டின் நகலைச் சங்கத்தின் முத்திரையோடு இணைத்து அக்கா மனு கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் ஆளுக்கு அந்த 2,000 ரூபாயை வெட்டியது நான். மொத்தம் 52 பேர், ஜி.எஸ்.டி.யும் சேர்த்தால் மாதம் 1,22,720 ரூபாய். வீட்டுக்குப் பிரித்தால் 292 ரூபாய், சதுர அடிக்கு 29 பைசா. நாங்கள் மிச்சம் பிடித்தது அவ்வளவுதான்.

செக்யூரிட்டி விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் 12 இடங்களில் காவல், 12 மணி நேர ஷிப்ட், ஆகவே 24 பேர். நகரம் முழுக்க இப்படித்தான் ஓடுகிறது. மூன்று ஷிப்டைவிட இரண்டு ஷிப்ட் மலிவு என்று எல்லோரும் நம்புகிறோம். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு 500 என்றால் மணிக்கு 62.50. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி, மணிக்கு 125. நாலு மணி நேர ஓவர்டைம் 500. அப்படியானால் 12 மணி நேரம் நிற்கிற காவலாளிக்கு நாளுக்கு 1,000 கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்கு 2,000. அதே இடத்தில் எட்டு மணி நேரத்துக்கு ஒருவராக மூன்று பேரை நிறுத்தினால் 1,500. நியாயமாகக் கொடுத்தால் 12 மணி நேர ஷிப்ட்தான் விலை கூட. அது மலிவாகத் தெரிகிறது என்றால், ஓவர்டைம் யாருக்கும் போகவில்லை என்று பொருள்.

இந்த ஆண்டு மெயிலின் கடைசிப் பத்தியில் ஏஜென்சியே ஒரு யோசனை சொல்லியிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். பின்பக்க கேட்டை இரவு பத்து மணிக்கு மேல் பூட்டிவிடலாம், பார்க்கிங் சரிவில் தடுப்புக் கம்பி வைக்கலாம், இரண்டு பிளாக்குகளுக்கு ஒரு லாபிக் காவலர் போதும். அப்படிச் செய்தால் 12 இடம் 9 ஆகும். 9 இடத்துக்கு மூன்று ஷிப்ட், 27 பேர். இப்போது இருப்பதைவிட மூன்று பேர்தான் அதிகம். ஆறு நாள் வேலைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்க ஆறு பேருக்கு ஒரு ரிலீவர் வேண்டும், ஆகவே இன்னும் ஐந்து பேர். இப்போது ரிலீவரே கிடையாது. ஓய்வு நாளிலும் அதே ஆள்தான் நிற்கிறார். விடியற்காலை நாலு மணிக்குக் காவலாளி நாற்காலியில் தூங்குகிறார் என்று போட்டோ எடுத்துக் குழுவில் போடுகிறவர்கள், அவர் அன்று எத்தனையாவது மணி நேரமாக, எத்தனையாவது நாளாக அங்கே இருக்கிறார் என்று பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

'அவங்க கேட்டதைக் கொடுத்தாலும் கட்ட மாட்டாங்க, லாபத்துக்குத்தான் போகும்' என்று சிலர் சொல்கிறார்கள். நியாயமான பயம். அதற்குத்தான் ஒப்பந்தத்தின் அமைப்பையே மாற்றச் சொல்கிறேன். ஆளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேச வேண்டாம். கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் உள்ளபடி. ஏஜென்சியின் சேவைக் கட்டணம் தனியாக, சதவீதமாக இல்லாமல் நிலையான ரூபாயில். பேரம் பேசுவதாக இருந்தால் அந்தக் கட்டணத்தில் மட்டும் பேசுவோம். ஒவ்வொரு பில்லோடும் முந்தைய மாதத்தின் பி.எஃப். ரிட்டர்ன், இ.எஸ்.ஐ. சந்தா விவரம், வங்கியில் சம்பளம் போட்ட பட்டியல் மூன்றும் வர வேண்டும். பணம் கட்டிய சலான் மட்டும் போதாது, அதில் மொத்தத் தொகைதான் இருக்கும், பெயரும் நாளும் இருக்காது. சென்ற ஆண்டு எங்களுக்கு மாதம் தவறாமல் சலான் வந்தது, நானும் ஃபைல் பண்ணி வைத்தேன்.

சரிபார்க்கப் பெரிய ஆடிட்டர் தேவையில்லை. 52 பெயரில் ஐந்து பெயரை எடுத்து, வருகைப் பதிவேட்டின் நாளையும் ரிட்டர்னில் உள்ள நாளையும் ஒப்பிட்டால் அரை மணி நேரம் ஆகும். மாதம் ஒருமுறை அதைச் செய்ய நான் தயார், கூட இரண்டு பேர் வேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு கிளப் ஹவுஸில் பொதுக்குழு. இரண்டு ஆண்டு மெயில்களையும் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன், கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறதாம்.