ஸ்டீராய்டு ஊசியும் விரை சுருங்குறதும்

"ஊசியில இருக்கறதே ஆம்பள ஹார்மோன் தான ப்ரோ, அது போட்டா விரை எப்படி சுருங்கும்? அப்படியே ஆனாலும் நிறுத்தி ரெண்டு வாரத்துல சரியாயிடும்."

அல்சூர் பக்கம் ஜிம் போற நம்ம பசங்க வாட்ஸ்அப்ல சுத்துது, இது தப்பு. ரத்தத்துல வெளி டெஸ்டோஸ்டிரோன் ஏறினதும் மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச்னு ரெண்டு ஹார்மோன அனுப்பறத நிறுத்திடும், அந்த ஆர்டர் வரலனா விரை வேலைய நிறுத்தி, சின்னதா, மெத்துனு ஆயிடும், விந்தணுவும் குறையும், சில பேருக்கு சுத்தமா இருக்காது.

ஊசி போடற வரைக்கும் ஆசை, விறைப்பு எல்லாம் நல்லாவே இருக்கும், அதனாலதான் பசங்க நம்பிடறாங்க. 12 வாரம் போட்டுட்டு நிறுத்தற பையன எடுத்துக்கோங்க, ஊசி மருந்து வடிஞ்சிடும், சொந்த உற்பத்தி இன்னும் தொடங்கியிருக்காது, அந்த இடைவெளியிலதான் விறைப்பே வராம போறது, காலையில கூட. பலருக்கு திரும்பி வரும், ஆனா மாசக்கணக்குல ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல.

காலையில வெறும் வயித்துல டெஸ்டோஸ்டிரோன், எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் டெஸ்ட் எடுங்க. மூணும் கம்மினா பிட்யூட்டரி இன்னும் தூங்குதுனு அர்த்தம். ஹார்மோன் டாக்டர்கிட்ட என்ன ஊசி, எவ்வளவு நாள்னு மறைக்காம சொல்லுங்க தம்பி, ட்ரெய்னர் தர்ற மாத்திரையில இத சரி பண்ணாதீங்க.