'நீ' என்று அனுப்பிவிட்டு இடம் பத்தவில்லை என்று சொல்லாதீர்கள்

அந்த மருந்துக்கடை மெசேஜ் ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வேலூர் குரூப் ஒன்று விடாமல் சுற்றிவிட்டது. "உன் மருந்து தயார். மாலை 5 மணிக்குள் வந்து வாங்கிக்கொள்." போனது எல்லாம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குகிற பெரியவர்களுக்கு. கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை, கமெண்டிலும் எழுதாதீர்கள். எனக்குக் கோபம் கடை மேல் கூட அவ்வளவு இல்லை. "ஆங்கிலத்தில் யூ என்றுதானே இருந்தது, அதைத் தமிழில் போட்டார்கள், இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று கீழே வரிசையாக வந்து எழுதினார்களே, அவர்கள் மேல்தான்.

ஆங்கிலத்தில் யூ ஒன்றுதான், சரி. அதனால்தான் மொழிபெயர்க்கிறவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. மூலத்தில் இல்லாத தகவலைத் தமிழ் கேட்கிறது: யாருக்குப் போகிறது, அனுப்புகிறவர் அவருக்கு யார்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாமல் தமிழில் ஒருவரிடம் நேராகப் பேசும் ஏவல் வாக்கியம் ஒன்று கூட எழுத முடியாது. 'வா' என்றாலும் முடிவெடுத்தாயிற்று, 'வாங்க' என்றாலும் முடிவெடுத்தாயிற்று. "நான் மரியாதை பற்றி எதுவும் சொல்லவில்லை, சும்மா மொழிபெயர்த்தேன்" என்று ஒதுங்க இடமே கிடையாது.

நம்ம ஊரில் இது இன்னும் எளிது. உருதுவில் ஆப், தும், தூ என்று மூன்று. தெலுங்கில் மீரு, நுவ்வு. சிகிச்சைக்கு வருகிற வங்காளிகளுக்கு ஆப்னி, துமி, துய். வேலூரில் கடை வைத்திருப்பவர் இந்த மூன்று மொழியையும் தினமும் காதில் கேட்கிறார். அதே மெசேஜ் உருதுவிலும் போயிருந்தால் அதை எடுத்துப் பார்த்திருக்கலாம். அங்கே 'ஆப்' இருந்தால் தமிழில் 'நீங்கள்'. ஆங்கிலம் மறைத்ததை உருது காட்டிக் கொடுக்கும்.

அடுத்து, எஸ்எம்எஸ்ஸில் மரியாதைக்கு இடம் பத்தவில்லை என்று சிலர் வைக்கிற வாதம். கேட்க நியாயமாகத் தெரிகிறது, அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம். தமிழில் அனுப்பினால் அது 70 ஆகிவிடும். தாண்டினால் மெசேஜ் துண்டாகும், துண்டுக்கு 67தான், காசும் துண்டுக்கணக்கில் போகும். தமிழில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி இடம் எடுக்கும். 'நீ' என்பதற்கு 2, 'நீங்கள்' என்பதற்கு 7. 'உன்' 3, 'உங்கள்' 6. ஆக மரியாதைக்கு இடம் அதிகம் ஆகிறது என்பது உண்மை. இப்போது அவர்கள் அனுப்பியதையே எண்ணிப் பாருங்கள். இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 55. அதையே "உங்கள் மருந்து தயார். மாலை 5 மணிக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்." என்று எழுதினால் 65. அதுவும் 70க்குள்தான். ஒரே மெசேஜ், ஒரே காசு. பத்து இடம் அதிகம், ஒரு பைசா அதிகம் கிடையாது. இதை எண்ணிப் பார்க்காமலேயே "டெக்னிக்கல் பிரச்சினை" என்று எழுதுகிறார்கள்.

உண்மையிலேயே இடம் நெருக்கினால் 'உங்கள்' என்பதை எடுத்துவிடுங்கள். "மருந்து தயார்" என்றாலே அவருடையதுதான் என்று அவருக்குப் புரியும். ஆங்கிலத்தில் ஏவல் தவிர மற்ற வாக்கியங்களில் பெரும்பாலும் யூ, யுவர் வந்தே தீர வேண்டும். தமிழில் வினை முற்றே ஆளைச் சொல்லிவிடும், எழுவாய் தேவையில்லை. இது தெரியாதவர்கள்தான் வரிக்கு வரி 'நீங்கள்' போட்டு, இடம் போதாமல், கடைசியில் 'நீ'யில் வந்து விழுகிறார்கள்.

ஸ்கிரீன்ஷாட் பரவிய மறுநாள் திருத்திய மெசேஜ் வந்தது. "உங்கள் மருந்து தயார். மாலை 5 மணிக்குள் வந்து வாங்கிக்கொள்." முன்னால் உங்கள், பின்னால் வாங்கிக்கொள். 'உன்' எங்கே இருக்கிறது என்று தேடி 'உங்கள்' என்று மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. தமிழில் மரியாதை ஒரே சொல்லில் உட்கார்ந்திருப்பதில்லை. நீ, உன், உனக்கு, உன்னை என்று முன்னால் இருக்கும். வந்தாய், வருவாய் என்று வினையின் வாலில் இருக்கும். வா, சொல், வாங்கிக்கொள் என்று ஏவலில் வெறுமனே நிற்கும். இந்த ஏவலைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அதில் ஒட்டு எதுவும் இல்லை. திருத்தும்போது வாக்கியத்தின் கடைசிச் சொல்லை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 'வந்து', 'வந்தால்', 'சாப்பிட்டிருந்தால்', 'வரலாம்' இவற்றை எல்லாம் தொட வேண்டாம். 'நீ' என்றாலும் 'நீங்கள்' என்றாலும் இவை ஒன்றேதான்.

ஆளே தெரியாதபோது "பெற்றுக்கொள்ளவும்", "வரவும்" என்று '-வும்' போடலாம். அது யாரையும் புண்படுத்தாது. ஆனால் அது போர்டில் எழுதுகிற தமிழ், "செருப்பை வெளியே விடவும்" என்பது மாதிரி. உடம்பு சரியில்லாத ஒரு மனுஷருக்கு நேராகப் பேசும்போது நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். '-ங்கள்' போதும். மறுபக்கம் 'தாங்கள்' வரைக்கும் போகவும் வேண்டாம். அது கல்யாணப் பத்திரிகைக்கு. மேலும் "தங்கள் மகன் தங்கள் அட்டையுடன் வரலாம்" என்றால் அட்டை யாருடையது? பெரியவருடையதா, மகன் வீட்டாருடையதா?

இனி எல்லோரும் பிடித்துக்கொண்ட அந்தக் கேள்வி. "நம்ம பக்கத்தில் ஆயாவையே நீ என்றுதானே சொல்கிறோம்? அம்மாவை நீ, பல வீட்டில் நைனாவையும் நீ. அப்போது வராத மரியாதைக் குறைவு மருந்துக்கடை சொன்னால் மட்டும் வந்துவிடுமா?"

ஆமாம், வந்துவிடும். "இன்னா ஆயா, நீ சாப்ட்டியா?" என்று கேட்கிறானே பேரன், அந்த நீயைத் தாங்கிப் பிடிக்க பக்கத்திலேயே ஆயா என்கிற சொல் நிற்கிறது. அந்த உறவு இருப்பதால்தான் அந்த நீ இனிக்கிறது. கடை சொன்ன 'நீ'க்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. அது மொட்டை நீ. உறவில்லாதவர் வாயிலிருந்து மொட்டையாக நீ வந்தால் அதற்கு நம்ம ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா?

தெருமுனை டீக்கடையில் ஒரு பெரியவர், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றிப் பிழைத்தவர், போனை இன்னொருத்தரிடம் நீட்டினார். "யாருப்பா இது, என்ன நீன்றான்? எனக்குத் தெரிஞ்சவனா?" அவர் கோபப்படவில்லை. தெரிந்தவர் யாரோ அனுப்பியிருக்கிறார் என்றுதான் நினைத்தார். கடை என்று படித்துச் சொன்னதும் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீயை குடித்தார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வயதுக்காரர்களில் எத்தனை பேர், கழனி வைத்திருந்த வீட்டின் பத்து வயதுப் பையனால் "டேய் வாடா" என்று பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டு, "சொல்லுங்க" என்று பதில் சொல்லி வளர்ந்தவர்கள்! ஊருக்குள் அவரை 'நீங்க' என்று கூப்பிட ஆள் வருவதற்கே பாதி ஆயுசு போயிருக்கிறது. அவர் கைக்கு, அவர் காசு கொடுத்து வாங்கிய போனுக்குள், அவரிடம் காசு வாங்குகிற கடையிலிருந்து, மறுபடியும் அந்த நீ. இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. "சின்ன விஷயம்" என்று எழுதியவர்களில் ஒருத்தராவது வாழ்க்கையில் தன்னைவிடச் சின்னவன் வாயிலிருந்து அந்த நீயைக் கேட்டிருக்கிறாரா?

"எல்லாரையும் நீ என்று அழைப்பதுதான் சமத்துவம்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். எல்லாரையும் நீங்கள் என்று அழைத்தாலும் சமத்துவம்தான் தம்பி. அதை முதலில் செய்து பார்ப்போம்.

வயது தெரியாத பட்டியலுக்கு அனுப்பும்போதும் நீங்களே. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு 'வாங்கிக்கொள்ளுங்கள்' என்று போனால் அது ஒன்றும் வருத்தப்படாது. எழுபது வயதுக்காரருக்கு 'வாங்கிக்கொள்' என்று போனால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம்.

நண்பனுக்கு அனுப்புவது தனிக்கணக்கு. அங்கே நீங்கள் போட்டால் "என்னடா, கோபமா?" என்றுதான் கேட்பான். அதே மருந்துச் செய்தியை நண்பனுக்கு, அவனுடைய அப்பாவுக்காகத் தெரிவிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இருப்பது: உன் அப்பாவின் மருந்து தயார், அவர் வர முடியாவிட்டால் நீ வா, அவருடைய அட்டையைக் கொண்டு வா. நம்ம ஊரில் இதை எப்படி எழுதுவோம்? "உங்க நைனா மாத்திர ரெடியாம்டா. அவரால வர முடியலன்னா நீ போய் வாங்கிக்கோ, அவர் கார்டை எடுத்துகினு போ." பாருங்கள், நண்பன் நீ. ஆனால் அவன் அப்பா 'உங்க' நைனா. உங்க அம்மா, உங்க வீடு, உங்க ஊர், இவை எல்லாம் நண்பனிடமும் 'உங்க'தான். அது மரியாதைப் பன்மை கூட இல்லை. அந்த வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்துச் சொல்வது. ஆனால் உன் போன், உன் சட்டை, உன் வேலை. நண்பனுக்கான மெசேஜ் என்பதால் 'உங்க' அனைத்தையும் 'உன்' ஆக்குங்கள் என்று யாராவது உத்தரவு போட்டால் "உன் நைனா" என்று வரும், அது சண்டைக்கு இழுக்கிற பேச்சு. அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது அவர், வந்தார். 'அவன்' என்று போட்டால் தொலைந்தது. ஆக ஒரே மெசேஜுக்குள் கேட்பவனுக்கு ஓர் அளவு, பேசப்படுபவருக்கு ஓர் அளவு.

பெயர் சேர்த்து அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. பெயருக்குப் பின்னால் 'க்கு' ஒட்ட வைத்தால் "முருகேசன்க்கு" என்று அசிங்கமாக வரும். "முருகேசன் அவர்களுக்கு" என்று போட்டால் எந்தப் பெயரும் பொருந்தும், ஆணா பெண்ணா என்ற தொல்லையும் இல்லை. ஆனால் 'அவர்களுக்கு' மட்டுமே 11 இடம். பெயரும் சேர்ந்தால் மேலே எழுதிய 65 இடத்து மெசேஜ் 70ஐத் தாண்டி இரண்டு துண்டாகிவிடும். காசு இரட்டிப்பாவது கடைக்குக் கட்டாதென்றால் பெயரை எடுத்துவிடுங்கள். '-ங்கள்' இருக்கட்டும்.