ஓட்டிஸ் புயலைக் கணிக்கத் தவறியது ஏன்?

2023 அக்டோபர் 24 அதிகாலை. மெக்சிகோவின் பசிபிக் கரைக்கு அப்பால் இருந்த ஓட்டிஸ் புயலின் காற்று வேகம் மணிக்கு ஏறக்குறைய 100 கி.மீ. மறுநாள் நள்ளிரவு தாண்டி அகாபுல்கோ அருகே அது கரையைக் கடந்தபோது வேகம் 260 கி.மீ. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நகரத்து மக்கள் ஒரு சாதாரணப் புயலை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

24 மணி நேரத்தில் காற்றின் வேகம் 55 கி.மீ. கூடினாலே அதைத் திடீர்த் தீவிரமடைதல் என்கிறார்கள். ஓட்டிஸ் அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வலுத்தது. முந்தைய நாள் கணிப்பில் அதன் சாயல்கூட இல்லை.

இதற்குக் கணிப்பாளர்களைத் திட்டுவது எளிது. ஆனால் அவர்கள் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். செயற்கைக்கோள் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேகத்தின் வடிவத்தைப் பார்த்து, இவ்வளவு வேகம் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். புயலின் மையத்தை மேலே பரவிய மேகப்போர்வை மூடிவிட்டால், அடியில் நடப்பது தெரியாது. அந்தப் போர்வையை ஊடுருவிப் பார்க்கும் நுண்ணலைக் கருவிகள் உண்டு. மையத்தைச் சுற்றி மழைமேகம் முழு வளையமாக மூடுவதை அவை காட்டினால், அதுவே முதல் எச்சரிக்கை. ஆனால் அவற்றைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் கடக்கின்றன. சாதாரணப் படத்திலேயே கண் பளிச்சென்று தெரியும்போது, புயல் ஏற்கெனவே வெகுவாக வலுத்திருக்கும். ஓட்டிஸுக்குள் 24ஆம் தேதி பிற்பகல் ஆய்வு விமானம் நுழைந்த பிறகே, அது மதிப்பீட்டைவிட மிகவும் பலமாக இருப்பது தெரிந்தது. கரையைக் கடக்க அரை நாள்கூட மீதமில்லை.

தொடக்க அளவே தவறினால் கணினி மாதிரி என்ன செய்யும்? அதோடு ஓட்டிஸ் மிகச் சிறிய புயல். கடல் சூடாக இருந்தது எல்லோருக்கும் தெரியும், ஆனால் சூடான கடல்மேல் எல்லாப் புயலும் இப்படி வெடித்து எழுவதில்லை. உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறினால் புயலின் தூண் சாய்ந்து, உலர்ந்த காற்று உள்ளே புகுந்துவிடும். மாற்றம் சற்றே குறைந்தால் தூண் நிமிர்ந்துகொள்ளும். பெரிய புயல் இதைத் தாங்கும். சிறியது சட்டென வலுக்கவும் கூடும், வலுவிழக்கவும் கூடும். மையத்தில் சில கி.மீ. அளவில் நடக்கும் அந்த மாற்றத்தை, உலகத்தைப் பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் உலகளாவிய மாதிரிகள் பிடிப்பதில்லை.

என் கோபமெல்லாம் அளவீட்டுப் பற்றாக்குறை மீதுதான். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் புயலுக்குள் வழக்கமாகப் பறக்கும் ஆய்வு விமானமே நமக்கு இல்லை. கரையிலிருந்து விலகியிருக்கும் புயலின் பலத்தைப் பெரும்பாலும் படங்களைப் பார்த்தே மதிப்பிடுகிறோம். 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாள் காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. அப்போது நம் மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள்.