அத்தானின் டிவிடெண்டும் நான் சொன்ன எஸ்.டபிள்யூ.பி.யும்

அத்தானுக்கு மாதாமாதம் வரும் ஓய்வூதியத்தைவிட, ஆகஸ்ட் மாத வாக்கில் வரிசையாக வந்து விழும் டிவிடெண்ட் குறுஞ்செய்திகள்தான் பிடிக்கும். "மரத்தை வெட்டவில்லை, காயை மட்டும்தான் பறிக்கிறேன்" என்பார். அவர் பணத்தில் பாதி அரசுத் துறை நிறுவனப் பங்குகளில் இருந்தது. மறுபாதியை ஒரு முகவர் பேச்சைக் கேட்டு, டிவிடெண்ட் தரும் மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்தார். மொத்தம் ஒரு கோடி, அதிலிருந்து ஆண்டுக்கு நான்கு லட்சம் வரவு.

நான் சண்டைக்குப் போனது அந்தக் காய் விஷயத்தில்தான். ஃபண்டின் ஒரு யூனிட் விலையான என்.ஏ.வி. 16 ரூபாயாக இருக்கும்போது ஒரு ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தால், மறுநாள் கணக்கு 15 ரூபாயிலிருந்துதான் தொடங்கும். அதாவது நம் சட்டைப்பையிலிருந்து எடுத்து நம் கையில் கொடுக்கிறார்கள். இதனால்தான் 2021 ஏப்ரல் முதல் அந்த வகைக்கு டிவிடெண்ட் என்ற பெயரே கூடாது என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி மாற்றிவிட்டது. இப்போதைய பெயரிலேயே 'மூலதனத்தைத் திரும்பப் பெறுதல்' என்பதும் சேர்ந்திருக்கிறது. பங்கிலும் இதே கதைதான். டிவிடெண்டுக்கான தகுதி நாள் வந்ததும் விலை ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கும். அன்றாட ஏற்ற இறக்கத்தில் அது கண்ணில் படாமல் போய்விடுவதால், மரம் அப்படியே நிற்பதுபோலத் தோன்றுகிறது.

சரி, டிவிடெண்ட் வாங்குவதும் யூனிட்டை விற்றுப் பணம் எடுப்பதும் ஒன்றுதான் என்றால் எதற்குச் சண்டை? வரிக்காக. 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் நம் வருமானத்தோடு சேர்ந்து நம் வரி விகிதத்தில் வரி கட்டுகிறது. அத்தானுக்கு ஓய்வூதியம், இரண்டு வீட்டு வாடகை எல்லாம் சேர்ந்து 30 சதவீத அடுக்கு. நான்கு லட்சத்துக்கு செஸ் உட்பட 1,24,800 ரூபாய் போய்விடும். அதே நான்கு லட்சத்தை, டிவிடெண்ட் தராமல் லாபத்தை உள்ளேயே வளரவிடும் குரோத் ஃபண்டிலிருந்து எஸ்.டபிள்யூ.பி. மூலம், அதாவது மாதாமாதம் யூனிட்டுகளை விற்று எடுத்தால்? 100 ரூபாய்க்கு வாங்கியது 125 ஆகியிருந்தால், எடுக்கும் தொகையில் 80,000 மட்டும்தான் லாபம். மீதி அவர் போட்ட முதல். ஓராண்டு தாண்டிய பங்கு ஃபண்ட் லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியே கிடையாது. யூனிட் 200 ஆனாலும் லாபம் இரண்டு லட்சம்தான். விலக்கு போக மீதி 75,000-க்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 9,750 ரூபாய்.

ஆனால் இதை எல்லோருக்கும் பொதுவாக்கிவிடாதீர்கள். என் சித்திக்கு வைப்புநிதி வட்டி ஐந்து லட்சம் மட்டும்தான். புதிய வரி முறையில் 12 லட்சம் வரையான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால், அவருக்கு டிவிடெண்டுக்கும் வரி இல்லை. 1.25 லட்சத்தைத் தாண்டிய பங்கு லாபத்துக்கோ அந்தத் தள்ளுபடி கிடையாது. சித்தி டிவிடெண்ட் வாங்குவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பத்து சதவீதம் பிடித்தம் செய்திருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நிலையான வரவு என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2020 ஏப்ரலில், அந்த மார்ச்சோடு முடிந்த நிதியாண்டின் லாபத்திலிருந்து டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லிவிட்டது. வங்கிப் பங்கை நம்பி மளிகைக் கணக்குப் போட்டவர்கள் என்ன செய்திருப்பார்கள்? எட்டு, ஒன்பது சதவீத டிவிடெண்ட் தெரிகிறது என்றால் பல நேரம் நிறுவனம் தாராளமானது என்று அர்த்தமில்லை. விலை சரிந்திருக்கிறது, அல்லது ஒருமுறை கிடைத்த பணத்தைப் பங்கிட்டிருக்கிறார்கள்.

எஸ்.டபிள்யூ.பி.க்கும் ஒரு பள்ளம் உண்டு. 2020 ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 38 சதவீதம் போல விழுந்தது. 100 ரூபாய் யூனிட் 62 ஆனால், மாதம் 33,333 ரூபாய்க்கு 333 யூனிட் விற்ற இடத்தில் 538 விற்க வேண்டும். சந்தை பிறகு ஏறினாலும் விற்றுவிட்டவை திரும்பி வராது. ஓய்வுபெற்ற முதல் சில ஆண்டுகளில் இப்படி நடந்தால் சேதம் அதிகம். அதனால் இரண்டு ஆண்டுச் செலவை, அதாவது எட்டு லட்சத்தை, வைப்புநிதியில் தனியாக வைக்கச் சொன்னேன். சந்தை விழும்போது எஸ்.டபிள்யூ.பி.யை நிறுத்திவிட்டு அதில் கை வைக்கலாம்.

அத்தான் அரைமனதாகச் சம்மதித்தார். ஃபண்டை குரோத் வகைக்கு மாற்றுவதும் விற்பனையாகத்தான் கணக்காகும் என்பதால், பாதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் மாற்றினோம், 1.25 லட்ச விலக்கு இருமுறை கிடைத்தது. புதிய யூனிட்டுகளுக்கு ஓராண்டு முடியும்வரை வைப்புநிதியிலிருந்து எடுக்கிறார். பங்குகளை மட்டும் தொடவிடவில்லை. ஆகஸ்டில் குறுஞ்செய்தி வர வேண்டுமாம்.