கொசுவத்தியும் விடியற்கால இழுப்பும்

“ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் கொசுவத்தி ஏற்றுகிறோம், ஆனாலும் பையனுக்கு விடியற்காலையில் இழுப்பு வருகிறதே?”

ஜன்னல் மட்டும் போதாதுங்க. சுருளில் கொசு மருந்து துளிதான். மீதியெல்லாம் மரத்தூள் மாதிரி எரியும் பொருள், ஏழெட்டு மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஒற்றை அறையில் தரையில் படுக்கும் பிள்ளை இரவு முழுக்க அதைத்தான் இழுக்கிறான். ஊதுபத்தி, சாம்பிராணி வேறு.

இரண்டு வாரம் எல்லாப் புகையையும் நிறுத்திப் பாருங்கள். கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். சாமிக்கு விளக்கு போதும். இருமல் குறைந்தாலும் மருத்துவர் தந்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சு இழுக்கும்போது விலா நடுவே குழி விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.